ஆசிரியர் தேவை: பள்ளிக்கான வாட்ஸ்அப் அறிவிப்பை எழுதும் முறை

"அனைத்துப் பாடங்களுக்கும் ஆசிரியர்கள் தேவை. கவர்ச்சிகரமான ஊதியம்." கடலூர் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிப்பட்ட அறிவிப்புகள் நிறைய வரும். படிக்கிறவருக்கு இதிலிருந்து எதுவும் தெரியாது. போன் போட்டு, பஸ் ஏறிப் போய், தமக்கான இடமில்லை என்று தெரிந்து திரும்ப வேண்டியதுதான். பள்ளி அலுவலகத்தில் புதிதாக இந்த வேலையைப் பார்ப்பவர்களுக்காக ஒரு அறிவிப்பை இங்கே எழுதிப் பார்ப்போம். செம்மண்டலம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளிக்குக் கணித ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாடத்தையும் வகுப்பையும் சேர்த்தே எழுதுங்கள். "கணிதம்" என்று மட்டும் போட்டால் ஆறாம் வகுப்புக்கு வருகிறவரும் பிளஸ் டூவுக்கு வருகிறவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். "கணிதம், 9, 10-ஆம் வகுப்பு, ஆங்கில வழி" என்றால் குழப்பமில்லை. தகுதியையும் அதே வரியில் சேர்த்துவிடலாம்.

அடுத்தது சம்பளம். பலரும் மழுப்புவது இங்கேதான். "தகுதிக்கேற்ப" என்று எழுதாமல் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் சொல்லுங்கள். அந்தத் தொகை பிடித்தத்துக்கு முன்பா, பின்பா என்பதும் தெரிய வேண்டும். மொத்தச் சம்பளம் 20,000, அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், அந்த 15,000-இல் பி.எஃப். 12 சதவீதமாக 1,800 போய்விடும். 20,000 என்று நம்பி வந்தவர் கையில் 18,200 வாங்கும்போது மனக்கசப்பு வருவது நியாயம்தானே? அப்புறம், மே மாதச் சம்பளம் உண்டா என்பதையும் எழுதிவிடுங்கள். தனியார் பள்ளி ஆசிரியர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி இது.

மாதிரி வகுப்புக்குத் தலைப்பை முன்கூட்டியே கொடுங்கள். வந்த இடத்தில் புத்தகத்தை நீட்டி "ஏதாவது நடத்துங்க" என்றால் அவருடைய பதற்றத்தைத்தான் பார்ப்பீர்கள், கற்பிக்கும் விதத்தைப் பார்க்க முடியாது. எத்தனை நிமிடம், எதிரே பிள்ளைகள் இருப்பார்களா, ஆசிரியர்கள் மட்டுமா என்பதும் வேண்டும். மே மாதம் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள் என்பதால், கேள்வி கேட்டுப் பதில் வாங்கி நடத்துகிறவர் அதற்கேற்பத் தயாராகி வர வேண்டியிருக்கும்.

சரி, எல்லாம் சேர்த்தால் இப்படி வரும்:

"கணித ஆசிரியர் தேவை (ஒருவர்). 9, 10-ஆம் வகுப்பு, மெட்ரிக், ஆங்கில வழி. தகுதி: பி.எஸ்சி. கணிதம், பி.எட். சம்பளம்: பிடித்தத்துக்கு முன் மாதம் ரூ.20,000 முதல் 24,000 வரை, அனுபவத்தைப் பொறுத்து. பி.எஃப். உண்டு. 12 மாதமும் சம்பளம். மாதிரி வகுப்பு: சனிக்கிழமை காலை 10 மணி, 20 நிமிடம், ஆசிரியர்கள் முன்னிலையில். தலைப்பு: 10-ஆம் வகுப்பு, வடிவொத்த முக்கோணங்கள். அசல் சான்றிதழ்கள் பார்த்த உடனே திருப்பித் தரப்படும். வியாழக்கிழமைக்குள் பயோடேட்டாவை இந்த எண்ணுக்கு அனுப்பவும்."

இதன் கீழே பள்ளியின் பெயர், இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம், அலுவலக எண் மூன்றும் வர வேண்டும். புதுச்சேரியிலிருந்து வருகிறவர் தினமும் வந்து போக முடியுமா என்பதை அந்த நிறுத்தத்தின் பெயரை வைத்தே முடிவு செய்வார். அறிவிப்பைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்புங்கள், எண்ணைத் தொட்டதும் போன் போகும். ஆள் கிடைத்ததும் அதே குழுவில் "இடம் நிரம்பிவிட்டது" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அந்த அறிவிப்பு ஆகஸ்டிலும் சுற்றிக்கொண்டிருக்கும்.