ஊறுகாய் பாட்டில் மூடியில டேப் சுத்துறதை நிறுத்துங்க: எண்ணெய் கசியாம பெட்டி கட்டுறது எப்படி

ஆகஸ்ட், செப்டம்பர்ல வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்புற பசங்க வீட்டுல எல்லாம் இப்போ இதே வேலையாத்தான் இருக்கும், ஒரு பக்கம் மிளகா காயுது, ஒரு பக்கம் அம்மா தொக்கு கிளறிட்டு இருக்காங்க, பெட்டி எடையைத் தூக்கிப் பாத்து அப்பா திட்டுறாரு. அதனால இப்பவே எழுதிடறேன்.

ரூல்ஸ் விஷயத்தை வேகமா முடிச்சுடலாம். ஊறுகாய், எண்ணெய் எல்லாம் செக்-இன் பெட்டியிலதான், கையில எடுத்துட்டுப் போற பைல 100 மில்லிக்கு மேல திரவம் விடமாட்டாங்க. கொப்பரை செக்-இன்ல போட இந்தியாவுல தடை, அதனால அந்த உருண்டைத் தேங்காயை வீட்டுலயே வச்சுட்டு வாங்க. துபாய், சிங்கப்பூர் போறவங்க கசகசாவைத் தொடவே வேணாம், அங்க அது போதைப்பொருள் கேஸ் ஆகிடும். கருவாடு, மட்டன் ஊறுகாய் மாதிரி ஐட்டம் இருந்தா போற நாட்டு கஸ்டம்ஸ் பக்கத்தைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க, சாப்பாடு கொண்டு வர்றீங்கன்னா ஃபார்ம்ல ஒளிக்காம டிக் போடுங்க. அவ்வளவுதான்.

இப்போ என் ஃப்ரெண்டுக்கு நடந்தது. டொரண்டோ வந்து இறங்கி பெட்டியைத் திறந்தா மேல இருந்து கீழ வரைக்கும் நல்லெண்ணெய், மிளகாப்பொடி, மஞ்சள். அவ கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை, டிகிரி சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் கட்டு, புதுசா வாங்கின குளிர் ஜாக்கெட், எல்லாம் போச்சு. வேடிக்கை என்னன்னா பாட்டில் உடையவே இல்ல, மூடியும் டைட்டாதான் இருந்துச்சு, மூடிக்கு மேல செலோ டேப் ஒரு ரோல் காலியாகற அளவுக்குச் சுத்தியிருந்தாங்க. ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடில முக்கால் அளவுக்கு மாங்கா ஊறுகாய், அவ்வளவுதான்.

எப்படிக் கசிஞ்சுதுன்னு புரிஞ்சாதான் எப்படிப் பேக் பண்ணணும்னு புரியும், அதனால இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. ஃப்ளைட் மேல பறக்கறப்போ உள்ள காத்தழுத்தம் சென்னைல இருக்கற மாதிரி இருக்காது, கிட்டத்தட்ட ஊட்டி உயரத்துல இருக்கற அளவுக்குக் குறைஞ்சிடும், அதாவது தரைல இருக்கறதுல முக்கால் பங்கு. பெட்டி போற கீழ்த்தளத்துலயும் அதே கதைதான். சிப்ஸ் பாக்கெட் ஊட்டி மலை ஏற ஏற உப்பிட்டு வருமே, அதேதான் ஊறுகாய் பாட்டிலுக்குள்ளயும் நடக்குது. அந்த ஜாடில கால் லிட்டர் காத்து இருந்துச்சு இல்லையா, அது மூணுல ஒரு பங்கு கூட விரியப் பாக்கும், 80 மில்லிக்கு மேல. பாக்கெட்னா உப்பும், கண்ணாடி உப்பாது. அப்போ அந்தக் காத்து போக ஒரே வழி மூடியோட மரை இடுக்குதான். ஜாடி நிமிர்ந்து நின்னா வெறும் காத்து மட்டும் வெளிய போயிருக்கும், ஆனா பெட்டியைப் படுக்கப் போட்டுதானே அடுக்குறாங்க, அப்போ மூடிக்கிட்ட நிக்கறது எண்ணெய், காத்து அதைத்தான் வெளிய தள்ளும். எண்ணெய் பட்ட கண்ணாடில டேப் ஒட்டவும் ஒட்டாது. எத்தனை சுத்து சுத்தினாலும் வேஸ்ட். ஏர்போர்ட்ல காசு குடுத்துப் பெட்டிக்குச் சுத்தற பிளாஸ்டிக் ஷீட்டும் இதுக்கு ஒண்ணும் பண்ணாது, பெட்டிக்குள்ளயே கசியறதை வெளிய சுத்தினா எப்படி நிக்கும்?

அதனால ரெண்டு காரியம் பண்ணணும்: உள்ள காத்தைக் குறைக்கணும், உப்பக்கூடிய பாத்திரத்துல போடணும். ஊறுகாய்க்கு பாட்டிலே வேணாம், கெட்டியான லேமினேட் பவுச்தான் சரி, சென்னை பாரிஸ் கார்னர்ல பேக்கிங் சாமான் விக்கற கடைங்கள்ல கிடைக்கும், கையால அழுத்தற சின்ன சீலிங் மெஷினும் அங்கயே வாங்கலாம். மெஷின் வேணாம்னா பவுச்சை நிரப்பி எடுத்துட்டுப் போய், சீல் போட்டுத் தர்ற ஊறுகாய் கடையில குடுங்க.

பேக் பண்றதுக்கு முன்னாடி மேல மிதக்கற எண்ணெயை வடிச்சு வீட்டுலயே விட்டுடுங்க. அம்மாங்க இதுக்குச் சண்டை போடுவாங்க, எண்ணெய் இல்லன்னா பூஞ்சை வந்துடும்னு. அவங்க சொல்றது நியாயம்தான், ஆனா ரெண்டு நாள் பயணத்துல நல்லா உப்பு போட்ட ஊறுகாய் கெட்டுப்போகாது. போய் இறங்கினதும் இந்தியன் ஸ்டோர்ல நல்லெண்ணெய் வாங்கிக் காய்ச்சி, நல்லா ஆறவச்சு, துண்டு முழுகற அளவுக்கு ஊத்திட்டா பழைய மாதிரி ஆகிடும்.

நிரப்புறப்போ பவுச்சோட வாயை வெளிப்பக்கமா ரெண்டு இன்ச் மடிச்சுக்கோங்க. சீல் விழற இடத்துல ஒரு சொட்டு எண்ணெய், ஒரு கடுகு இருந்தாலும் அந்த இடம் ஒட்டாது, பாக்க ஒட்டின மாதிரியே இருக்கும், அப்புறம் அங்கதான் கசியும். மூணுல ரெண்டு பங்கு மட்டும் நிரப்பி, மடிப்பைப் பிரிச்சு, உள்பக்க ஓரத்தைக் காஞ்ச டிஷ்யூவால துடைச்சு, கீழ இருந்து மேல காத்தை அமுக்கி எடுத்துட்டு சீல் போடுங்க, அரை இன்ச் மேல இன்னொரு சீல். ஒரே ரெண்டு கிலோ பவுச் வேணாம், அரை அரை கிலோவாப் பிரிங்க.

அன்னிக்கே பெட்டில வைக்காதீங்க. நியூஸ்பேப்பர் மேல பவுச்சைப் படுக்க வச்சு, அதுமேல அஞ்சு கிலோ அரிசி மூட்டையை ராத்திரி முழுக்க வைங்க. காலைல பேப்பர்ல எண்ணெய்க் கறை தெரிஞ்சா எந்த ஓரத்துலன்னு பாத்து, திரும்பத் துடைச்சு சீல் போடுங்க. புது மாவடு, உப்புத்தண்ணில இன்னும் ஊறிட்டிருக்கறது, அதுக்கு இந்த டெஸ்ட் பத்தாது, அது உள்ள கேஸ் விடும். ராத்திரி மூடி டைட்டா வச்சு காலைல திறந்தா புஸ்ஸுன்னு சத்தம் வந்துதுன்னா அதை இந்தத் தடவை எடுத்துட்டுப் போகாதீங்க, ரெண்டு மாசம் கழிச்சு வர்றவங்க கிட்ட குடுத்து அனுப்பச் சொல்லுங்க.

செக்கு எண்ணெய் எடுத்துட்டுப் போயே ஆகணும்னா கண்ணாடி வேணாம், அமுங்கற பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்தி, கழுத்துக்குக் கீழ நிறுத்திடுங்க. வாயில ரெண்டு மடிப்பு கிளிங் ஃபிலிம் வச்சு, பாட்டில் வயித்தை லேசா அமுக்கிப் பிடிச்சுட்டே மூடியைத் திருகுங்க. பாட்டில் கொஞ்சம் நசுங்கின மாதிரி இருக்கும், அதுதான் வேணும், மேல போறப்போ காத்து விரிஞ்சா அந்த நசுங்கல் நிமிரும், மூடியைத் தள்ளாது. விளிம்பு வரைக்கும் ரொப்பாதீங்க, வெயில்ல எண்ணெயும் விரியும்.

சாம்பார்பொடி, பருப்புப்பொடி எல்லாம் மில்லுல அரைச்ச சூட்டோட கட்டினா உள்ள வேர்த்து கட்டி தட்டிடும். பேப்பர்ல பரப்பி முழுசா ஆறினதும் பவுச்ல போடுங்க. வெறும் ஜிப் கவரை நம்பாதீங்க, உப்பினா ஜிப் திறந்துக்கும், சீல் போட்டுட்டு அதுக்கு மேல ஜிப் கவர் போடுங்க. சீல் போட்ட பவுச்சைத் தண்ணி பக்கெட்ல முக்கி அமுக்கிப் பாருங்க, குமிழி வந்தா ஓட்டை.

எல்லாம் சேர்த்து ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால, சுத்தி பழைய வேட்டி வச்சு, பெட்டி நடுவுல வைங்க. சர்டிஃபிகேட், பட்டு எல்லாம் அடுத்த பெட்டில. இவ்வளவுக்கும் மேல துணில எண்ணெய் பட்டுதுன்னா தண்ணில முக்காதீங்க, காஞ்ச துணில பாத்திரம் கழுவுற லிக்விடைத் தேய்ச்சு ஊறவச்சு அப்புறம் துவைங்க. மஞ்சள் கறை மட்டும் அப்படியே நிக்கும், ரெண்டு மூணு நாள் வெயில் படற ஜன்னல்ல ஈரமாப் போட்டா தானா வெளுத்துடும், பட்டைத் தவிர, அதை டிரை கிளீனிங்கில குடுத்துடுங்க.