எலுமிச்சை மணத்தைப் பிசினால் கட்டிப்போட முடியாது: நிலைநிறுத்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில், சேன்-ஆந்த்ரே ஊரில், மணநீர் கலக்கக் கற்றுக்கொள்ள என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். மேலே எழும் எலுமிச்சை மணம் அரை மணி நேரத்தில் போய்விடுகிறதே, எதைச் சேர்த்தால் அது நிற்கும் என்பதே அக்கேள்வி. சாம்பிராணி, லப்தனம் ஆகிய பிசின்கள், அம்ப்ராக்ஸான் என்ற செயற்கை மணப்பொருள் போன்ற, மெதுவாக ஆவியாகி மணத்தைத் தாங்கும் நிலைநிறுத்திகள்தான் அதற்கு வழி என்று எங்கோ படித்திருப்பார்கள். அது பாதி உண்மை. அந்தப் பாதியை முழுமையென்று நம்பிய காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்கள் மறுபடி செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அளவுக்குழாயைக் கழுவ மறப்பது, புட்டியில் பெயர் எழுதாமல் விடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை.

நிலைநிறுத்தியைக் கூட்டினால் மேல்மணம் நிற்கும் என்று நம்புவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக கொம்பாவாவும் ஜெரேனியமும் சேர்ந்த மணநீர் ஒன்றைச் செய்தேன். கொம்பாவா என்பது நம் தீவில் ருகாய் என்ற காரத் தொடுகறிக்குத் தோலைச் சீவிப் போடும் அந்தக் கரடுமுரடான எலுமிச்சை. ஜெரேனியம் மாய்தோ மலைச்சரிவில் வடித்த எண்ணெய். சாராயம் சேர்க்கும் முன் 300 கிராம் கலவை இருந்தது. எலுமிச்சை சீக்கிரம் மறைகிறது என்று வாடிக்கையாளர் சொன்னதும், நான் அதில் 15 கிராம் லப்தனமும் 30 கிராம் சாம்பிராணிப் பிசினும் ஒரே நாளில் கலந்தேன். மறுநாள் முகர்ந்தபோது ஈரத்தோலும் இனிப்புமாக ஒரு கனத்த வாடை மட்டுமே எழுந்தது. கொம்பாவா அரை மணி நேரத்தில் போவதற்குப் பதிலாக முதல் மூச்சிலேயே இல்லை. கலந்ததைப் பிரித்தெடுக்க வழி கிடையாது என்பதால், 90 கிராம் ஜெரேனியம் எண்ணெயும் அதோடு சேர்ந்து வீணாயிற்று.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒரு கலவையிலிருந்து ஒரு பொருள் எவ்வளவு வேகமாக ஆவியாகிறது என்பது, அந்தக் கலவையின் மொத்த மூலக்கூறுகளில் அதன் மூலக்கூறுகள் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தது. இங்கே எடையைப் பார்க்கக் கூடாது, எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். கொம்பாவாத் தோல் எண்ணெயில் பெரும்பகுதியான லிமோனீன் போன்ற டெர்பீன்களின் மூலக்கூறு எடை 136. ஜெரேனியத்தின் முக்கியப் பொருள்களான சிட்ரோனெல்லால், ஜெரானியால் ஆகியவை ஏறத்தாழ 155. அம்ப்ராக்ஸான் 236. 6 கிராம் கொம்பாவா, 3 கிராம் ஜெரேனியம், 1 கிராம் அம்ப்ராக்ஸான் என்று எடுத்து, எடையை மூலக்கூறு எடையால் வகுத்தால், எண்ணிக்கை முறையே 44, 19, 4 என்ற விகிதத்தில் வரும். அம்ப்ராக்ஸான் இல்லாதபோது கொம்பாவாவின் பங்கு 63-இல் 44. அதைச் சேர்த்த பின் 67-இல் 44. அதாவது தாராளமாகப் பத்து விழுக்காடு அம்ப்ராக்ஸான் போட்டும், கொம்பாவா எழும் வேகம் சுமார் 6 விழுக்காடுதான் குறைகிறது. அளவை இரட்டிப்பாக்கினாலும் குறைவு 12 விழுக்காட்டைத் தாண்டாது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் விதத்தால் உண்மை எண் சற்று மாறும். ஆனாலும் அரை மணி நேரத்தை அது மூன்று மணி நேரமாக்கிவிடாது.

அப்படியானால் நிலைநிறுத்தி எங்கே வேலை செய்கிறது? இந்தக் கணக்கையே தொடர்ந்து போட்டால் தெரியும். கொம்பாவா முழுதும் போன பிறகு, மிஞ்சுவது 19 பங்கு ஜெரேனியமும் 4 பங்கு அம்ப்ராக்ஸானும். இப்போது ஜெரேனியம் எழும் வேகம் 17 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஜெரேனியம் நான்கில் ஒரு பங்காகக் குறையும்போது, 5-க்கு 4 என்று நின்று, வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. எளிதில் ஆவியாகாத பொருள் பின்தங்கிப் பின்தங்கி அதன் பங்கு தானாகவே வளர்வதால், நிலைநிறுத்தியின் பிடி மணத்தின் கடைசிப் பகுதியில்தான் இறுகுகிறது. அது காப்பாற்றுவது ஜெரேனியம் போல நடுவில் எழும் இடைமணத்தின் வாலை. மேல்மணத்தின் தலையை அல்ல.

லப்தனத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பெயினில் வளரும் சிஸ்டஸ் செடியின் பிசினான அதற்குத் தனக்கென்றே வலுவான மணம் இருப்பதால், அளவு கூடினால் அது எலுமிச்சையைப் பிடிப்பதில்லை, மறைக்கிறது. சென்ற மாதம் ஒரு மாணவி, "அக்கா, இன்னும் கொஞ்சம் லப்தனம் விட்டால் நிற்கும் அல்லவா?" என்று சொட்டுக்குழாயோடு நின்றபோது அவள் கையைப் பிடித்தே நிறுத்தினேன்.

இப்போது நான் செய்வது இதுதான். லப்தனத்தைச் சாராயத்தில் பத்து விழுக்காடாகக் கரைத்து வைத்து, கலவையில் உண்மையான பிசின் அரை விழுக்காட்டைத் தாண்டாமல் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறேன். சாம்பிராணி 2 முதல் 3 விழுக்காடு, அம்ப்ராக்ஸான் 1 விழுக்காடு போதும். எலுமிச்சை மறையும் இடத்தில் அதன் நினைவைத் தாங்கி நிற்க வெட்டிவேர் எண்ணெயைச் சிறிது சேர்க்கிறேன். அதில் பம்ப்ளிமாசுத் தோலின் சாயல் ஒன்று இருக்கிறது. கொம்பாவா தன் நேரத்தில் போகட்டும் என்று விட்டுவிட்டு, அது போனபின் எழும் மணம் அதற்கு உறவாக இருக்குமாறு பார்ப்பதே வேலை.

ஒப்பிட எதுவும் வைக்காமல் முகர்வது

நிலைநிறுத்தி சேர்த்த கலவையையும் சேர்க்காத அதே கலவையையும் இரண்டு காகிதத் துண்டுகளில் ஒரே அளவு விட்டு, எது எதென்று தெரியாதபடி வேறொருவரைக் குறியிடச் சொல்லுங்கள். பத்து நிமிடம், ஒரு மணி நேரம், மறுநாள் காலை என்று முகருங்கள். ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருந்தால் எடையும் போடலாம். ஆனால் நம் கரையோர ஈரக்காற்றில் காகிதமே தண்ணீரை உறிஞ்சி எடை ஏறும் என்பதால், எதுவும் விடாத மூன்றாவது துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அதன் எடை மாற்றத்தைக் கழிக்க வேண்டும்.

அம்ப்ராக்ஸான் மணக்கவில்லை என்று மேலும் போடுவது

உங்கள் மூக்கு சலித்திருக்கும். சிலருக்கு அது முதலிலிருந்தே சரியாகத் தெரியாது. பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள்.

பூசைக்கடைச் சாம்பிராணியைக் கரைப்பது

நம் வீடுகளில் சாம்பிராணி என்ற பெயரில் பலவகைப் பிசின்கள் புழங்குகின்றன. கரித்தூளோடு பிசைந்த வில்லைகளும் அதே பெயரில்தான் விற்கின்றன. மணநீருக்கு வேண்டியது லாவோஸ் பக்கத்து சயாம் சாம்பிராணி அல்லது சுமத்ராச் சாம்பிராணி. முன்னது வனிலா மணமும் பின்னது இலவங்கப்பட்டையை நினைவூட்டும் மணமும் கொண்டவை என்பதால் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போட முடியாது. தூளாக்கி, நாலு மடங்கு சாராயத்தில் இரண்டு வாரம் ஊறவைத்து, தினமும் குலுக்கி, இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்த பின்னரே வடிகட்டுங்கள். குளிரில் படியும் மெழுகை முன்பே நீக்காவிட்டால், அது பின்னால் விற்ற புட்டிக்குள் படியும்.

நிறத்தை மறப்பது

லப்தனம் பழுப்பு. சயாம் சாம்பிராணியில் உள்ள வனிலின் நாளாக நாளாகக் கருக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு சொட்டு விட்டு ஒரு வாரம் வெயில்படும் சன்னலோரம் வைத்துப் பார்த்த பிறகே புட்டியில் அடையுங்கள்.