மேலதிகாரிக்கான சுருக்கம்: முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்

நாற்பது பக்க அறிக்கையைச் சுருக்கச் சொன்னால் பலர் அதே வரிசையில்தான் சுருக்குகிறார்கள்: பின்னணி, ஆய்வு முறை, கண்டவை, கடைசியில் பரிந்துரை. மேலதிகாரி இதை இரண்டு மீட்டிங்குக்கு நடுவே போனில் படிப்பவர், பரிந்துரை வரை வருவாரா என்பதே சந்தேகம்.

அதனால் முதல் வரியில் அவர் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், என்ன செலவில் என்று எழுதிவிடுங்கள். "கிடங்கு மென்பொருளை மாற்றுவது பற்றி ஆராயப்பட்டது" என்பது வெறும் தகவல். "கிடங்கு மென்பொருளை மாற்ற ஒப்புதல் தேவை, பழையதன் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, செலவு இந்த ஆண்டு பட்ஜெட்டுக்குள் அடங்கும்" என்றால் அவர் அங்கேயே சரி சொல்லலாம்.

அப்புறம் முக்கியமான இரண்டு மூன்று காரணங்கள், கூடவே பெரிய ரிஸ்க் ஒன்று. ரிஸ்க்கை மறைக்காதீர்கள், அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். ஆய்வு முறையெல்லாம் இணைப்புக்குப் போகட்டும், பக்க எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள்.

அனுப்பும் முன், முதல் இரண்டு வரியை மட்டும் விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி, என்ன கேட்கிறோம் என்று சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் திருத்துங்கள்.