லேபிளில் ‘டேஞ்சர்’ என்றால் எது டேஞ்சர்? ஒரு பாட்டில் போட்டோவைப் படிப்போம்

கடலூரில் பிளஸ் ஒன் வேதியியல் லேப் தொடங்கும்போதெல்லாம், அலமாரியில் இருக்கிற பாட்டில்களை போனில் படம் எடுத்துவந்து “மிஸ், இது என்ன படம்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒன்பது படக்குறிகளையும் மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, ஒரே ஒரு பாட்டிலை முழுசாகப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பலன் தருகிறது. இங்கே நான் எடுத்துக்கொள்வது எஸ்டர் சோதனைக்கு எல்லாப் பள்ளியிலும் வாங்கி வைத்திருக்கும் கிளேசியல் அசிட்டிக் அமிலம். மூடியைத் திறந்தால் வினிகர் வாசனை வருவதால் பயமே வராத பாட்டில் அது.

படி 1: போட்டோ

பாட்டிலைக் கையில் தூக்க வேண்டாம், சாய்க்கவும் வேண்டாம். அது மேசையிலேயே இருக்கட்டும், நீங்கள் சுற்றி நகருங்கள். லேபிள் பாட்டிலை வளைத்து ஒட்டியிருப்பதால் முன்பக்கம், இடது ஓரம், வலது ஓரம் என்று மூன்று படமாவது வேண்டும். பிளாஷ் போட்டால் லேபிளின் பளபளப்பில் சரியாகப் படக்குறி இருக்கிற இடமே வெள்ளையாகிவிடும். ஜன்னல் வெளிச்சம் போதும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, மிகச் சிறிய எழுத்தும் படிக்க முடிகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். அந்தச் சின்ன எழுத்துதான் நமக்கு வேலை.

படி 2: பெயரும் செறிவும்

படக்குறிக்குப் போவதற்கு முன்னால் பெயரையும் சதவீதத்தையும் பாருங்கள். நம் பாட்டிலில் அசிட்டிக் அமிலம் கிளேசியல், 99.5% என்று இருக்கும். பக்கத்தில் 64-19-7 என்று ஓர் எண் தெரியும். பெயரை எப்படி எழுதினாலும் இந்த எண் மாறாது. சதவீதம் ஏன் முக்கியம் என்பது கடைசிப் படியில் புரியும்.

படி 3: படக்குறிகள்

சிவப்பு ஓரம் போட்ட, முனையில் நிற்கிற சதுரம். உள்ளே வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் படம். நம் பாட்டிலில் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் சோதனைக் குழாய்களிலிருந்து சொட்டுகிற திரவம் ஒரு கையையும் ஓர் உலோகத் துண்டையும் அரிக்கிறது. இன்னொன்று தீச்சுவாலை.

அந்தத் தீச்சுவாலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் ஒரு கோடு மட்டும் இருந்தால், இந்தப் பொருள் தானே எரியும். கோட்டுக்கு மேலே ஒரு வட்டம் இருந்து, அந்த வட்டத்தின் தலையில் சுவாலை எழுந்தால், இந்தப் பொருள் மற்றவற்றை மூர்க்கமாக எரிய வைக்கும். மங்கலான படத்தில் அந்த வட்டம் கண்ணில் படாமலே போய்விடும். அசிட்டிக் அமிலத்தில் இருப்பது வட்டம் இல்லாத சுவாலை. அடர் நைட்ரிக் அமில பாட்டிலில் இருப்பது வட்டத்தோடு கூடியது.

பல லேப்களில் “ஆசிட் ரேக்” என்று ஒரே தட்டு வைத்து, எல்லா அமிலத்தையும் அதில் அடுக்கிவிடுகிறார்கள். ஒன்று எரிகிற பொருள், மற்றொன்று எரிய வைக்கிற பொருள். இரண்டும் தோளோடு தோள் நிற்கக் கூடாது. ஒரு பாட்டில் கசிந்து மற்றொன்றோடு கலந்தால் சூடேறி, தீப்பிடிக்கவும் கூடும். உங்கள் லேப்பில் இந்த இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நீங்களே எடுத்து மாற்றாதீர்கள்.

படி 4: எச்சரிக்கைச் சொல்

லேபிளில் இரண்டில் ஒரு சொல்தான் வரும். கடுமையான ஆபத்துக்கு ‘டேஞ்சர்’, அதைவிடக் குறைந்ததற்கு ‘வார்னிங்’. இரண்டும் பொருந்துகிற பாட்டிலில் ‘டேஞ்சர்’ மட்டும் அச்சாகும். அதனால் எந்த ஆபத்துக்காக அந்தச் சொல் வந்தது என்று லேபிளின் முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நம் பாட்டிலில் ‘டேஞ்சர்’ என்று இருக்கிறது. சுவாலைப் படமும் இருப்பதால், “சட்டென்று தீப்பிடிக்கும் போல” என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். விடை அடுத்த படியில்.

படி 5: H எண்கள்

சின்ன எழுத்தில் H226, H314 என்று இருக்கும். முதல் இலக்கம் 2 என்றால் தீ, வெடிப்பு போன்ற ஆபத்து. 3 என்றால் உடம்புக்கு. 4 என்றால் சுற்றுச்சூழலுக்கு.

H226: எரியக்கூடிய திரவமும் ஆவியும். இந்த வகைக்கு உரிய சொல் வெறும் ‘வார்னிங்’தான்.
H314: தோலைக் கடுமையாகச் சுட்டுப் புண்ணாக்கும், கண்ணைக் கெடுக்கும். இதற்குத்தான் ‘டேஞ்சர்’.

ஆக, அந்தப் பெரிய எழுத்து உங்கள் கையையும் கண்ணையும் பற்றிப் பேசுகிறது. இப்போது பக்கத்தில் இருக்கிற எத்தனால் பாட்டிலைப் பாருங்கள். அதே சுவாலை, அதே ‘டேஞ்சர்’. ஆனால் எண் H225. அங்கே ‘டேஞ்சர்’ தீயைத்தான் சொல்கிறது. எத்தனாலின் ஆவி சுமார் 13 டிகிரியிலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அசிட்டிக் அமிலத்துக்கு அது சுமார் 39 டிகிரி.

39 என்றதும் நிம்மதியாகிவிட வேண்டாம். கத்திரி வெயிலில் கடலூரில் 40 டிகிரியைத் தொடுகிற நாட்கள் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லேப் என்றால் உள்ளே இன்னும் கூடும். டிசம்பரில் சாதுவாக இருந்த அதே பாட்டில், மே மாதம் பன்சன் பர்னருக்குப் பக்கத்தில் அப்படி இருக்காது.

H எண்களுக்குக் கீழே P என்று தொடங்கும் எண்கள், செய்ய வேண்டியதைச் சொல்பவை. நம் பாட்டிலில் P280 என்றால் கையுறை, கண்ணாடி. P305+P351+P338 என்று சேர்த்து எழுதியிருந்தால், கண்ணில் பட்டால் தண்ணீரால் நிதானமாகப் பல நிமிடம் கழுவ வேண்டும், லென்ஸ் போட்டிருந்தால் எளிதாக வரும்பட்சத்தில் கழற்றிவிட்டுத் தொடர்ந்து கழுவ வேண்டும் என்று பொருள். நான் 15 நிமிடமாவது கழுவச் சொல்வேன், பிறகு நேரே ஆஸ்பத்திரி.

பழைய பாட்டில் என்றால்

அலமாரியின் பின்வரிசையில் ஆரஞ்சு நிறச் சதுரத்தில் கறுப்புப் படம் போட்ட பாட்டில் இருக்கலாம். அது ஐரோப்பிய முறையின் பழைய குறி. H எண்ணுக்குப் பதில் R எண் இருக்கும். அந்த முறையில் அசிட்டிக் அமிலத்துக்கு அரிக்கும் படம் மட்டும்தான் உண்டு. எரியும் என்பதை R10 என்ற எண் மட்டுமே சொல்லும், அதற்குத் தனிப்படம் கிடையாது. பழைய பாட்டிலில் சுவாலை இல்லையே என்று அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

சிப்காட் பக்கம் சிதம்பரம் சாலையில் போகிற டேங்கர் லாரிகளின் முதுகில் நிறம் நிரப்பிய சதுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை போக்குவரத்துக்கான குறிகள், கீழ்முனையில் வகை எண் இருக்கும். படங்கள் ஒத்துப்போனாலும் லேப் பாட்டிலுக்கு சிவப்பு ஓரக் குறிதான் கணக்கு.

படி 6: நீர்த்த பாட்டிலுக்கு லேபிள்

சுமார் 115 மில்லி கிளேசியல் அமிலத்தைத் தண்ணீரில் மெதுவாகச் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்கினால் 2 மோலார் கரைசல் கிடைக்கும். லிட்டருக்கு 120 கிராம், அதாவது ஏறக்குறைய 12%. இந்தக் கரைசலுக்குப் பெரிய பாட்டிலின் லேபிளை அப்படியே பார்த்து எழுதினால் தப்பாகிவிடும். 25 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் H314, அரிக்கும் படம். 10 முதல் 25க்குள் இருந்தால் ஆச்சரியக்குறிப் படம், ‘வார்னிங்’, தோலை எரிச்சலூட்டும் H315, கண்ணை எரிச்சலூட்டும் H319. பெரும்பகுதி தண்ணீர் என்பதால் சுவாலையும் போய்விடும்.

ஆகவே அந்தப் பாட்டிலில் எழுத வேண்டியது இவ்வளவு: அசிட்டிக் அமிலம், 2 மோலார் (12%), ஆச்சரியக்குறிப் படம், வார்னிங், H315, H319, தயாரித்த தேதி, தயாரித்தவர் பெயர். பென்சிலால் எழுதி மேலே அகலமான செலோ டேப் ஒட்டுங்கள். பேனா மை, ஒரு சொட்டு வழிந்தாலே கரைந்துவிடும். ஊற்றும்போது லேபிள் பக்கம் உள்ளங்கையில் இருக்கட்டும். வழிகிற சொட்டு எதிர்ப்பக்கம் இறங்கும். கையுறை போட்ட பிறகுதான் பாட்டிலைப் பிடிக்க வேண்டும்.