மஞ்சள் பால் காய்ச்சும்முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

தருமபுரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மார்கழி பிறந்தால் கடைக்கு வருகிற பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வருவார்கள். மாத்திரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, "இதோட கஷாயமும் குடிக்கலாமா கண்ணு?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் குடிக்கலாம். சிலர் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தச் சிலர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதல்முறை கஷாயம் போடுகிறவர்களும் அப்படியே பின்பற்றலாம்.

முதலில், அட்டைகளை மேஜையில் பரப்புங்கள்

அடுப்பைப் பற்றவைக்கும் முன் வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ஆன்டிபயாடிக் ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் கீழே எழுதியிருப்பது உங்களுக்குத்தான். இவை எதுவும் இல்லாத ஆளுக்கு, அங்கங்கே தனியாகச் சொல்லும் சில விஷயங்கள் தவிர, சமையலறை அளவில் பயப்பட ஒன்றுமில்லை.

கஷாயம்

ஒரு அங்குல இஞ்சியைக் கழுவித் தோல் சீவுங்கள். 'இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பார்கள். நஞ்சோ இல்லையோ, தோலில் ஒட்டியிருக்கும் மண் போனால் சரி. இஞ்சியோடு ஆறு மிளகைச் சேர்த்து ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் ஒரு டம்ளராகச் சுண்டவிடுங்கள். பத்து நிமிடம் ஆகும். வடிகட்டி, வாய் வைத்துக் குடிக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரு டீஸ்பூன் தேன் விடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். நெஞ்சு எரிந்தால் மிளகு கூடிவிட்டது என்று அர்த்தம். அடுத்த வேளை மூன்று மிளகு போடுங்கள். அல்சர் உள்ளவர்கள் மிளகை விட்டுவிடுவது நல்லது.

இது சளியைப் போக்காது. சாதாரண சளி வைரஸால் வருவது, ஏழெட்டு நாளில் தானே போகும். சூடும் காரமும் மூக்கை ஒழுகவைத்து அடைப்பைத் தளர்த்தும், தொண்டைக்கு இதமாக இருக்கும். இதில் இருமலுக்கு உண்மையாகவே கேட்பது தேன்தான், ராத்திரி தூங்கவிடும். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். சர்க்கரை நோயாளிகள் தேனையும் இனிப்புக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மஞ்சள் பால்

கால் டீஸ்பூன் மஞ்சள்தூளை முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீரில் குழைத்துக்கொள்ளுங்கள். நேராகப் பாலில் கொட்டினால் கட்டி தட்டும். ஒரு டம்ளர் பால் பொங்கி வரும்போது அதை ஊற்றி, பச்சை வாசனை போகும் வரை மூன்று நான்கு நிமிடம் சிறு தீயில் விடுங்கள். கடைசியில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சள் விளைகிறது. தெரிந்தவர் தோட்டத்து விரலி மஞ்சள் கிடைத்தால் வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். கஸ்தூரி மஞ்சள் மேலுக்குப் பூசுவது, அதைப் பாலில் போடாதீர்கள்.

'சளிக்குப் பாலா?' என்று பாட்டிகள் தடுப்பார்கள். பால் சளியைக் கூட்டுவதில்லை. எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாக நிற்பதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

பெரியம்மாவுக்கு நடந்தது

பெரியம்மா தேன்கனிக்கோட்டையில் இருக்கிறார். இதய வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை உண்டு, அந்த எண் கூடக்கூட ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று அர்த்தம். அவருக்கு டாக்டர் சொன்ன அளவு 2.5 முதல் 3.5 வரை. போன பனிக்காலத்தில் விடாத சளி. "தினம் யார் மஞ்சள் பால் காய்ச்சுறது, இதுவும் மஞ்சள்தானே" என்று அண்ணி ஆன்லைனில் மஞ்சள் கேப்சூல் வாங்கித் தந்திருக்கிறார். மூன்று வாரம் கழித்துப் பெரியம்மா போனில், "பல்லு வெளக்குனா ரத்தமா வருது கண்ணு, முழங்கையில நீலமா இருக்கு, எங்கயும் இடிச்சிக்கல" என்றார். அன்றே பரிசோதிக்கச் சொன்னேன். 6.2.

அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு கேப்சூலில் மஞ்சளின் சத்தான குர்குமின் 500 மில்லிகிராம், மிளகின் சத்தான பைபரின் 5 மில்லிகிராம். இப்போது நம் மஞ்சள் பாலைக் கணக்குப் போடுவோம். கால் டீஸ்பூன் தூள் ஏறக்குறைய முக்கால் கிராம். அதில் குர்குமின் சுமார் 3 சதவீதம், அதாவது இருபத்து சொச்சம் மில்லிகிராம். ஆக ஒரு கேப்சூல் கிட்டத்தட்ட இருபது டம்ளர் மஞ்சள் பால்! குர்குமின் தனியாக உள்ளே போனால் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். மிளகு கூட வந்தால்தான் பல மடங்கு சேரும். கேப்சூலில் மிளகைச் சேர்ப்பதே அதற்காகத்தான். குர்குமின் ரத்தம் உறைவதை மட்டுப்படுத்தக்கூடியது. வார்ஃபரினும் அதே வேலையைச் செய்கிறது.

டாக்டர் கேப்சூலை நிறுத்தினார், வார்ஃபரினையும் இரண்டு நாள் நிறுத்தி வைத்து மறுபடி பரிசோதித்தார். பத்து நாளில் 2.9க்கு வந்தது. மாத்திரையை நிறுத்துவது டாக்டர் முடிவு. நீங்களாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சளில்தான் சமையல் அளவு சிறியது. மிளகில் அப்படி இல்லை. ஐந்தாறு மிளகில் இருக்கும் பைபரினே அந்தக் கேப்சூலில் உள்ளதைவிட அதிகம். கஷாயத் தண்ணீரில் அது கொஞ்சம்தான் இறங்கும். பொடித்து அப்படியே விழுங்கினால் முழுதும் உள்ளே போகும். மருந்துகளைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தைப் பைபரின் குறைக்கிறது. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் மாத்திரையோடு பைபரின் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடியிருக்கிறது. அது கூடினால் தலைசுற்றும், நடை தள்ளாடும், கண் ஆடும். வழக்கமான ரசம் சாப்பிடலாம். தேனில் மிளகுத்தூளைக் குழைத்து மூன்று வேளை நக்குவதை வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டும்.

எப்போது குடிப்பது

தைராய்டு, ஆன்டிபயாடிக் இரண்டுக்கும் மஞ்சள் ஒரு பிரச்சினையே இல்லை, பால்தான் பிரச்சினை. பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டுவிட்டு மஞ்சள் பாலை ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள். ஆன்டிபயாடிக் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. அமாக்சிசிலினுக்குப் பால் தடையில்லை. சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் பால். பாலை முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் பொறுத்து மாத்திரை. டாக்சிசைக்ளினையும் பாலோடு விழுங்காதீர்கள். "அஞ்சு நாள் சாப்பிட்டும் எரிச்சல் நிக்கல" என்று கடைக்கு வந்த ஒரு அக்கா, ஒவ்வொரு மாத்திரையையும் மஞ்சள் பாலில்தான் விழுங்கியிருந்தார்.

கஷாயத்தில் அதிமதுரம் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பிரஷரை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள்.

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் அடித்தால் கஷாயத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரியம்மா இப்போது ராத்திரியில் கால் டீஸ்பூன் மஞ்சள் போட்டு, மிளகில்லாமல் பால் குடிக்கிறார். அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். கேப்சூல் டப்பாவில் இப்போது கடுகு இருக்கிறது.