பங்காளி உடன்படிக்கையின் நீண்ட வாக்கியத்தைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவற்றுக்கு உரிமையாளர் ஒருவர் அல்லர். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குத் தனித்தனியே உரியனவாகவும், முகப்பும் வளவும் பொதுவாகவும் இருக்கும். அத்தகைய வீட்டின் உடன்படிக்கையில் இப்படி ஒரு வாக்கியம் வருவதாகக் கொள்வோம்:

“ஒரு பங்காளி, மற்றப் பங்காளிகளுக்கு 30 நாள்களுக்கு முன்னதாக எழுத்து மூலம் அறிவித்து, அவர்களில் எவரும் 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்காதிருந்தால், தமக்குரிய அறையை 11 மாதங்களுக்கு மிகாமல் வாடகைக்கு விடலாம் என்றும், தம் மகனுக்கோ மகளுக்கோ விடும்போது மேற்படி அறிவிப்பு தேவையில்லை என்றும், ஆனால் குடும்பக் கல்யாணமோ படைப்போ நடைபெறும் நாள்களில் முகப்பும் வளவும் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றும் சம்மதிக்கிறோம்.”

இங்கே படைப்பு என்பது முன்னோருக்குப் படையலிடும் குடும்ப வழிபாடு. ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்காளிகள் இந்த வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பலரும் பிரிப்பது இவ்வாறு: “ஒரு பங்காளி தம் அறையை 11 மாதம் வரை வாடகைக்கு விடலாம். 30 நாள்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். மற்றவர்கள் 15 நாள்களுக்குள் ஆட்சேபிக்கலாம்.” எளிமையாக இருக்கிறது; ஆனால் உடன்படிக்கையே மாறிவிட்டது.

முதல் தவறு, நிபந்தனையைத் தனிக் கடமையாக்கியது. மூலத்தில் அறிவிப்பு இல்லையேல் வாடகைக்கு விடும் உரிமையே பிறப்பதில்லை. பிரித்த வடிவத்தில் உரிமை முதல் வாக்கியத்திலேயே முழுமையாகிவிடுகிறது. அறிவிக்காதவர் ஒரு கடமையில் தவறியவர் மட்டுமே, வாடகை ஏற்பாடு செல்லும் என்று வாதிட இடமுண்டு. பழம்பொருள் வியாபாரி ஒருவருக்குச் சரக்கு வைக்க அறையை விட விரும்பும் பங்காளி, 20 நாள்களுக்கு முன்புதான் அறிவித்தார் என்று கொண்டால், மூலத்தின்படி அவர் விட முடியாது; புதிய வடிவத்தின்படி விட்டுவிட்டுத் தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கலாம். இரண்டாம் தவறு இதைவிட நுட்பமானது. “ஆட்சேபிக்கலாம்” என்ற பின், ஆட்சேபித்தால் என்ன ஆகும் என்பது எங்குமே இல்லை. மூலத்தில் ஒரே ஒருவரின் ஆட்சேபமும் வாடகையைத் தடுக்கும். அதுவும் எழுத்தில் இருந்தால்தான். அந்த இரண்டு நுணுக்கங்களும் காணாமற்போயின.

இவற்றைத் தவிர்க்க, அனுமதிக்கும் வாக்கியத்திலேயே நிபந்தனைகளைக் கொக்கி போட்டு மாட்டிவிட வேண்டும்:

“1. கீழ்க்காணும் (அ), (ஆ) இரண்டும் நிறைவேறினால் மட்டுமே ஒரு பங்காளி தமக்குரிய அறையை வாடகைக்கு விடலாம். வாடகைக் காலம் 11 மாதங்களுக்கு மிகக் கூடாது. (அ) அவர் மற்றப் பங்காளிகளுக்கு 30 நாள்களுக்கு முன்னதாக எழுத்து மூலம் அறிவித்திருக்க வேண்டும். (ஆ) அவர்களில் எவரும் 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்காதிருக்க வேண்டும்.
2. தம் மகனுக்கோ மகளுக்கோ விடும்போது 1(அ) தேவையில்லை.
3. குடும்பக் கல்யாணமோ படைப்போ நடைபெறும் நாள்களில் முகப்பும் வளவும் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும்.”

இரண்டாம் பிரிவில் “மேற்படி அறிவிப்பு” என்பதற்குப் பதிலாக 1(அ) என்று எண்ணால் சுட்டியிருப்பதைக் கவனிக்கவும். வாக்கியங்கள் இடம் மாறியபின் “மேற்படி” எதைக் காட்டுகிறது என்பது தெளிவற்றுப் போகும். விலக்கு அறிவிப்புக்கு மட்டுமே என்பதால், மகளுக்கு விட்டாலும் 11 மாத வரம்பு நிற்கும். விலக்கை முதல் பிரிவு முழுவதற்கும் பொருந்துவதாக எழுதினால் அந்த வரம்பு மறைந்துவிடும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு செய்த ஆவணம் வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு கூறுவதால், பலர் 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த எண்ணைத் தெரியாமல் தளர்த்துவது சிறிய பிழையன்று.

பிரிக்கும்போது மூலத்தின் ஓட்டைகளும் வெளிப்படும். 15 நாள்கள் அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்தா, கிடைத்த நாளிலிருந்தா? மகளுக்கு விடும்போது அறிவிப்பே இல்லையென்றால், மற்றவர்களின் ஆட்சேபத்துக்கு இடமுண்டா? எழுதுபவர் தமக்கு நியாயமாகப் பட்டதைச் சேர்த்து முடிப்பதே மூன்றாம் தவறு. பார்ப்பதற்கு உதவி போலிருப்பதால் இதுவே எளிதில் நிகழ்கிறது என்பது என் கருத்து. ஓட்டையை அப்படியே வைத்து, தனித்தாளில் கேள்வியாக எழுதிப் பங்காளிகளிடம் கொடுக்க வேண்டும்.

சரிபார்க்க, மூலத்தில் ஒவ்வொரு நிபந்தனை, கால அளவு, விலக்கின் கீழும் கோடிட்டு, அது புதிய வடிவத்தில் எங்கே இருக்கிறது என்று எண்ணைக் குறிக்கலாம். ஆனால் சொற்கள் எல்லாம் இருந்தும் தொடர்பு அறுந்திருக்கக் கூடுமாதலால், அதோடு நிறுத்தாமல் 20 நாள் அறிவிப்பு, வாய்மொழி ஆட்சேபம், மகளுக்கு 12 மாதம் போன்ற நிகழ்வுகளை இரண்டு வடிவங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே விடை வேறுபடுகிறதோ, அங்கே பிரிப்பு தவறியிருக்கிறது.

மூலம் ஏற்கெனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதென்றால், புதிய வடிவம் படிப்பதற்கான உதவி மட்டுமே. அதன் தலைப்பிலேயே, வேறுபாடு எழுந்தால் பதிவான ஆவணமே செல்லும் என்று எழுதிவிட வேண்டும்.