அசெம்பிளி மைக்: வால்யூமில் கை வைக்கும் முன்

அடுத்த வாரம் முதல் அசெம்பிளி மைக் உங்கள் பொறுப்பு. எந்தப் பொத்தான் எதற்கு என்பது ஒருநாள் கூட நின்று பார்த்தால் பிடிபட்டுவிடும். காலை நேரப் பரபரப்பில் நம்மை அறியாமல் செய்துவிடும் தவறுகளை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: சத்தம் போதவில்லை என்றதும் கை நேராக வால்யூமுக்குப் போகிறது.

ஒருநாள் ஒரு சின்னப் பெண் செய்தி வாசித்தாள். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஆசிரியர் கை காட்டினார். நான் வால்யூமை ஏற்றினேன். ஸ்பீக்கர் 'கீ' என்று கூவியது. குழந்தை பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுக்கு முன்னால் அதே மைக்கில் தலைமையாசிரியர் பேசியபோது ஒரு குறையும் இல்லை. அதனால் மறுநாள் அவளை மீண்டும் வாசிக்கச் சொல்லி, பக்கத்திலிருந்து பார்த்தேன். மைக்கை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். வாயிலிருந்து ஒரு சாண், ஏறக்குறைய 20 செ.மீ. தூரம். தலைமையாசிரியர் பிடித்திருந்ததோ 5 செ.மீ. தூரத்தில்.

தூரம் இரட்டிப்பானால் மைக்குக்குப் போய்ச் சேரும் ஒலியழுத்தம் பாதியாகிவிடும். 5 பத்தாகி, 10 இருபதானால் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். வால்யூமை ஏற்றினால் அவள் குரல் மட்டும் கூடுவதில்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தையும் மைக் கூடுதலாகவே வாங்கும். அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும், மறுபடி மைக்குக்கு வரும். இந்தச் சுற்றுதான் கூவலாகிறது. மைக்கை அவள் வாய்க்கு நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். வால்யூமை முன்பிருந்த இடத்துக்கே இறக்கிவிட்டேன். கடைசி வரிசை வரை கேட்டது. இப்போது வாசிக்கும் பிள்ளைகளை மணி அடிப்பதற்கு முன்பே கூப்பிட்டு, எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிடுகிறேன். தயவுசெய்து நீங்களும் அதை விடாதீர்கள்.

மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கவும் விடக்கூடாது. பின்பக்கத்துச் சத்தத்தைத் தள்ளிவிடுவதற்கான துளைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை மூடினால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கிக்கொண்டு, சீக்கிரம் கூவத் தொடங்கும். கை எப்போதும் தண்டில் இருக்கட்டும்.

ஸ்பீக்கரைப் பேசுபவருக்குப் பின்னால் வைப்பது அடுத்த தவறு. பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்தே பேசும். பேசுபவரைவிட இரண்டு மூன்று அடி முன்னே தள்ளி, பக்கவாட்டில், பிள்ளைகளைப் பார்த்து வையுங்கள். ஸ்டாண்டை முன்வரிசையின் தலைக்கு மேலே உயர்த்துங்கள். தாழ்வாக இருந்தால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்குக் கேட்காது. நாம் மறுபடி வால்யூமைத் தேடிப் போவோம்.

குரல் விட்டு விட்டு வந்தால் அது வேறு கோளாறு. அதற்கும் வால்யூம் மருந்தல்ல. முதலில் மைக்கின் பேட்டரி விளக்கைப் பாருங்கள். மாற்றும்போது எல்லா செல்லையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது சீக்கிரம் தீர்ந்து, புதியதையும் வீணாக்கிவிடும். புது செல் போட்டும் விட்டு விட்டு வந்தால், மைக்கின் சிக்னலை வாங்கும் ரிசீவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ, கூட்டமாக ஆட்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னாலோ இருந்தால் சிக்னல் தடைபடும், மனித உடம்பும் அதைத் தடுக்கும். மைக் கண்ணில் படும்படி, மேசைக்கு மேலே, ஆண்டெனாவை நிமிர்த்தி வையுங்கள். இரண்டு மைக்குக்கும் ஒரே சேனல் வைத்துவிடாதீர்கள். ஒன்றை ஒன்று குழப்பி இரண்டுமே கரகரக்கும்.

போடும்போது மைக்கும் ரிசீவரும் முதலில், ஸ்பீக்கர் கடைசியில், அதுவும் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து. அணைக்கும்போது ஸ்பீக்கர்தான் முதலில். மாறிப்போனால் 'டப்' என்று வெடிக்கும் சத்தம் ஸ்பீக்கரின் உள்ளே இருக்கும் காகிதக் கூம்பைக் கெடுக்கும். மைக் வேலை செய்கிறதா என்று ஊதியோ தட்டியோ பார்க்க வேண்டாம்; பேசிப் பாருங்கள், கடைசி வரிசை நிற்கும் இடத்தில் ஒருவரை நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். காலி மைதானத்தில் சரியாக இருந்த சத்தம் பிள்ளைகள் வந்து நின்றதும் கொஞ்சம் குறையும், அதற்கு ஒரு சிறு அளவு ஏற்றினால் போதும்.

நீண்ட விடுமுறைக்கு முன் செல்களைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து, மைக்கின் ஸ்பிரிங்கைப் பச்சையாக அரித்துவிடும். கழற்றிய செல்களைப் பெட்டியின் இடது அறையில், தேதி எழுதிய உறையில் வைக்கிறேன்.